தவணைக்கு விடுமுறை, வட்டிக்கு இல்லை

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, கொரோனா காலத்தில், கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பலர் அதைத் தள்ளுபடி என்றே நினைத்தார்கள். தவணைக்குத்தான் விடுமுறை, பாக்கி அசலுக்கு வட்டி தினமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

20 லட்சம் வீட்டுக்கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம், மாதத் தவணை 17,995 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 15,000. கட்டாததால் அது பாக்கியில் சேர்கிறது. கணக்கு அறிக்கையில் பற்றுப் பத்தியில் 15,000 விழும். வரவுப் பத்தி காலியாக இருக்கும். நிலுவை 20,15,000 ஆகும். அடுத்த மாதப் பற்று 15,113. கூடிய அந்த 113 ரூபாய்தான் வட்டிக்கு வட்டி. ஆறாம் மாத முடிவில் நிலுவை சுமார் 20,91,700.

தவணைத் தொகையை மாற்றாவிட்டால் பெரும்பாலும் காலம்தான் நீளும். இந்தக் கணக்கில் 240 தவணை 275 ஆகிவிடும். ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போவதால்தான் இத்தனை அடி. கடைசி வருடங்களில் இருப்பவருக்குப் பாதிப்பு குறைவு.

வட்டிக்கு வட்டி கூடாதென்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சாதாரண வட்டி தப்பவில்லை. விடுமுறை முடிந்ததும் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தவணைத் தேதியை முதலில் பாருங்கள்.