இனிஷியலில் சிக்கும் பணம்

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும் அந்தக் கடிதத்தின் கடைசி வரிதான் பலரைப் பதறவைக்கிறது: குறித்த தேதிக்குள் கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் க்ளெய்ம் தொகை வரத் தாமதமாகலாம். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தால், தேதி தாண்டியதற்காகப் பணம் பறிபோகாது. ஆனால் பணம் எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதுரையில் ஒருவர் 2001-ல் ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கல்யாணம் ஆகவில்லை, நாமினி அம்மா. பத்திரத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல். பின்னாளில் வாங்கிய பான் கார்டில் அந்த எழுத்து விரிந்து, அப்பா பெயர் முழுசாகப் பின்னால் போய்விட்டது. பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. கணக்கைச் சரிபார்க்கக் கம்பெனி ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கும்போது, வங்கி திருப்பிச் சொல்லும் பெயர் பாலிசிப் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

வங்கியே மாறிப்போன கதையும் உண்டு. கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் பிறகு செல்லாமல் போயின. பாலிசியில் அந்தப் பழைய எண்ணே இருந்தால், முதிர்வுத் தொகை போன வழியே திரும்பும். அதைச் சொல்லக் கம்பெனி கூப்பிடுவதோ எப்போதோ கைவிட்ட செல்போன் எண்ணை.

இவையெல்லாம் ஆள் உயிரோடு இருக்கும்வரை சிறு வேலைதான். கிளைக்குப் போய் ஆதார், பான் நகல், பெயர் அச்சிட்ட கேன்சல் செக், இரண்டு பெயரும் தன்னுடையதே என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

நாமினிதான் வேறு விஷயம். அம்மா முன்பே காலமாகி, பெயரை மாற்றாமலே அவரும் போய்விட்டால், மனைவியால் அந்த இடத்தில் தன் பெயரை எழுத முடியாது. அதற்கு அவருடைய கையெழுத்துதான் வேண்டும். விசாரணை தேவைப்படாத இறப்பு க்ளெய்மை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. ஆனால் அந்த மனைவி வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். குடும்பத்தில் தகராறு இருந்தால் கோர்ட்டுக்கும்.

இந்தக் கடிதத்தின் பெயரில் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். ‘இன்றே கடைசி’ என்று லிங்க் அனுப்புவார்கள், ஓடிபி கேட்பார்கள். அதைத் தொடாமல், பாலிசிப் பத்திரத்தில் உள்ள கிளைக்கே நேரில் போவது நல்லது. மாற்றம் பதிவானதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்து, அது எந்த பீரோவில் இருக்கிறது என்று மனைவியிடமும் சொல்லிவிட வேண்டும்.