கடன் தவறினால் கிடைக்கும் ஈடு

ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரத்தை வைத்திருப்பவர், அந்த நிறுவனம் பணம் தர முடியாமல் போகும் ஆபத்தை மட்டும் வேறொருவர் தலையில் இறக்கி வைக்க உதவும் ஒப்பந்தம்தான் கடன் தவறல் காப்பு ஒப்பந்தம். சந்தையில் இதைச் சுருக்கமாக சிடிஎஸ் என்கிறார்கள். காப்பு வாங்குபவர் குறிப்பிட்ட காலம் வரை பிரீமியம் கட்டுகிறார். அதற்குள் கடன் வாங்கிய நிறுவனமோ அரசோ தவறினால், காப்பு விற்றவர் நஷ்டத்தை ஈடு செய்கிறார். தவறாவிட்டால் கட்டிய பிரீமியம் போனது போனதுதான்.

காப்பீட்டைப் போலத் தோன்றினாலும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டுக்குத் தீக்காப்பீடு எடுத்தவருக்கு, வீடு எரிந்ததால் அவருக்கு ஏற்பட்ட நஷ்டம் கணக்கிடப்பட்டுத் தரப்படும். சிடிஎஸ்ஸில் பத்திரக்காரரின் சொந்த நஷ்டத்தை யாரும் கணக்கிடுவதில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு விலையை வைத்து ஈடு தீர்மானிக்கப்படுகிறது. குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் பிரீமியம். ஒரு கோடி டாலர் முகமதிப்புள்ள பத்திரங்களை வைத்திருப்பவர் அதே தொகைக்கு ஐந்தாண்டுக் காப்பு வாங்குகிறார் என்று கொள்வோம். விலை 300 அடிப்படைப் புள்ளிகள். ஓர் அடிப்படைப் புள்ளி என்பது ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. எனவே இது ஆண்டுக்கு 3 சதவீதம், அதாவது 3 லட்சம் டாலர். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 20ஆம் தேதியை ஒட்டி, நான்கு தவணைகளாக இது கட்டப்படும். கணக்கில் ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொண்டு, உண்மையில் கழிந்த நாட்களை எண்ணுவார்கள். அதனால் ஓர் ஆண்டுக்கு 3 லட்சத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகும்.

2009க்குப் பிறகு இந்தக் கட்டணம் இரண்டு பகுதியாகப் பிரிந்தது. பல நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ஆண்டுப் பிரீமியம் 100 அல்லது 500 புள்ளிகள் என்று நிலையாக வைக்கப்படுகிறது. மீதி வித்தியாசம் முன்பணமாகக் கைமாறுகிறது. மேலே சொன்ன காப்பின் சந்தை விலை 300, நிலையான பிரீமியம் 100 என்றால், ஆண்டுக்கு 2 சதவீதம் குறைகிறது. ஐந்தாண்டுக்கு அது 10 லட்சம் டாலர். ஆனால் பின்னால் வரவேண்டிய பணத்தின் இன்றைய மதிப்பு குறைவு. நடுவில் கடன் தவறினால் பிரீமியம் அத்தோடு நின்றும் போகும். இரண்டையும் கழித்தால் முன்பணம் 8 லட்சத்துக்குச் சற்று மேல் வரும்.

பிரீமியத்திலிருந்து தவறும் வாய்ப்பையும் தோராயமாகப் படிக்கலாம். தவறினால் நூற்றுக்கு 40 திரும்பக் கிடைக்கும் என்பது சந்தையின் வழக்கமான அனுமானம். அப்படியானால் நஷ்டம் 60. ஆண்டுக்கு 3 சதவீதப் பிரீமியத்தை 0.6ஆல் வகுத்தால் 5 கிடைக்கிறது: ஆண்டுக்கு 5 சதவீதம் தவறும் வாய்ப்பு. இதை உண்மையான நிகழ்தகவு என்று எடுத்துக்கொள்வது தவறு. காப்பு விற்பவர் ஆபத்தைச் சுமப்பதற்கான கூலியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

இப்போது ஈடு. கடைசித் தவணை ஜூன் 20 அன்று கட்டப்பட்டது, நிறுவனம் ஆகஸ்ட் 4 அன்று திவாலானது என்று கொள்வோம். இடையில் 45 நாட்கள். அந்த நாட்களுக்கான பிரீமியத்தையும் காப்பு வாங்கியவர் கட்டியாக வேண்டும்:

10,000,000 × 0.03 × 45 / 360 = 37,500 டாலர்.

அதன் பிறகு ஒரு ஏலம் நடக்கும். அதில் வங்கிகள் விலை கேட்டும் விலை கூறியும், தவறிய பத்திரத்துக்கு ஒரு முடிவான விலையை எட்டுகின்றன. அது 100க்கு 35 என்றால் ஈடு 65, அதாவது 65 லட்சம் டாலர். கையில் பத்திரம் இன்னும் இருக்கிறது. அதை அதே ஏலத்தின் வழியாக விற்க ஒப்பந்தக்காரர் கோரலாம். அப்போது அதற்கும் அதே 35 கிடைக்கும். ஏல விலை எதுவானாலும் இரண்டும் சேர்ந்து ஒரு கோடி. 2008 செப்டம்பர் 15 அன்று திவாலான லேமன் பிரதர்ஸ் பத்திரங்களுக்கு அக்டோபர் 10 அன்று ஏலத்தில் 8.625 என்று விலை வந்தது. காப்பு வாங்கியிருந்தவர்களுக்கு 100க்கு 91.375 கிடைத்தது. பத்திரத்தை ஏலத்துக்கு வெளியே, வேறு நாளில் விற்பவருக்கு இந்தக் கூட்டுத்தொகை நூறாக அமையும் என்ற உறுதி இல்லை.

ஒரு கோடிதான் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். தவறிய நாள் வரை சேர்ந்திருந்து கிடைக்காமல் போன பத்திர வட்டியை இது ஈடு செய்வதில்லை. பத்திரத்தை என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் ஒப்பந்தம் கேட்பதில்லை. எவ்வளவு தொகைக்குக் காப்பு வாங்குவது என்ற கேள்வி இங்கே சிக்கலாகிறது.

100 முகமதிப்புள்ள பத்திரத்தை ஒருவர் 80க்கு வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். ஏல விலை 35 என்றால் அவருடைய நஷ்டம் 45. முழுக் காப்பின் ஈடோ 65. 45ஐ 65ஆல் வகுத்தால், முகமதிப்பில் 69 சதவீதத்துக்குக் காப்பு வாங்கியிருந்தாலே போதும். ஆனால் ஏல விலை 10 என்று வந்தால் நஷ்டம் 70, ஈடு 90. தேவை 78 சதவீதம். விலை 60 என்றால் நஷ்டம் 20, ஈடு 40. தேவை 50 சதவீதம்தான். 110க்கு வாங்கியவருக்கு நிலைமை தலைகீழ்: ஏல விலை 35 என்றால் நஷ்டம் 75, ஆகவே 115 சதவீதக் காப்பு வேண்டும், 60 என்றால் 125 சதவீதம் வேண்டும். எந்த விலையிலும் பொருந்தும் ஒரே விகிதம், முகமதிப்புக்கே பத்திரத்தை வாங்கியவருக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் மீட்புத் தொகை குறித்து ஓர் ஊகத்தை வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க முடியும். பத்திரத்தின் சந்தை விலை மாற மாற அந்த அளவையும் திருத்த வேண்டும். காப்பை ஒருமுறை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

முழுக் காப்பு வாங்கியவருக்கு என்ன மிஞ்சும் என்பதையும் பார்த்துவிடலாம். பத்திரம் ஆண்டுக்கு 7 சதவீத வருவாய் தருகிறது, பிரீமியம் 3 போகிறது என்றால் மிச்சம் 4. பாதுகாப்பான அரசுப் பத்திரத்திலும் ஏறக்குறைய அதே 4 கிடைக்கும் காலத்தில், அவர் சுற்றிவந்து அதே இடத்துக்குத்தான் சேர்கிறார். பத்திரத்தை விற்க முடியாதவருக்கும், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அச்சம் உள்ளவருக்கும் இதில் பொருள் உண்டு. மற்றவர்களுக்குப் பத்திரத்தை விற்றுவிடுவதே எளிய வழி. தவிர, காப்பு விற்றவரே திவாலாகும் ஆபத்து புதிதாக வந்து சேர்கிறது. லேமனிடம் காப்பு வாங்கியிருந்தவர்கள் 2008இல் ஒரே நாளில் தங்கள் காப்பை இழந்தார்கள். அன்றாடம் ஈட்டுப்பணம் வாங்கி வைப்பதும், நடுவில் ஒரு தீர்வு நிறுவனம் நின்று இரு தரப்புக்கும் பொறுப்பேற்பதும் இந்த ஆபத்தைக் குறைக்க வந்த ஏற்பாடுகள்.

இத்தனை கணக்கும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: எது தவறுதல்? கிரேக்க நாட்டின் கடன் இதற்கு நல்ல சான்று. 2011 அக்டோபரில் ஐரோப்பியத் தலைவர்கள், தனியார் பத்திரக்காரர்கள் 50 சதவீத நஷ்டத்தைத் தாமாக முன்வந்து ஏற்பதாக ஓர் ஏற்பாட்டை அறிவித்தார்கள். தாமாக ஏற்பது எல்லாரையும் கட்டுப்படுத்தாது. எனவே அது தவறுதல் ஆகாது என்பதே ஒப்பந்த வாசகத்தின் நிலை. பத்திரத்தின் மதிப்பு பாதிக்கு இறங்கியும், காப்பு வாங்கியவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்ற நிலை அது. பத்திரக்காரர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

2012 பிப்ரவரியில் பேரம் முடிந்தபோது முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டப்பட்டது. 100 ஈரோ பழைய பத்திரத்துக்கு 31.5 ஈரோ புதிய கிரேக்கப் பத்திரமும், 15 ஈரோவுக்கு ஐரோப்பிய நிதிநிலைத்தன்மை அமைப்பின் பத்திரமும் தரப்பட்டன. அதே மாதம் கிரேக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: பெரும்பான்மைப் பத்திரக்காரர்கள் ஒப்புக்கொண்டால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். சட்டம் வந்ததே தவறுதல் ஆகிவிடாது என்று, தவறுதலைத் தீர்மானிக்கும் சந்தைக் குழு மார்ச் 1 அன்று சொன்னது. அந்தச் சட்டத்தைக் கிரேக்கம் உண்மையில் பயன்படுத்தி, மறுத்தவர்களையும் இழுத்துக்கொண்ட மார்ச் 9 அன்றுதான் தவறுதல் நடந்ததாக அறிவித்தது. விருப்பம் கட்டாயமாக மாறிய நாள் அது.

அடுத்த சிக்கல் ஏலம். மார்ச் 12 அன்றே கிரேக்கச் சட்டத்தின் கீழ் வந்த பழைய பத்திரங்கள் புதியவையாக மாற்றப்பட்டுவிட்டன. ஏலத்துக்குப் பழைய பத்திரம் கிடையாது. புதிய பத்திரங்களில் மலிவானவற்றை வைத்துத்தான் மார்ச் 19 அன்று ஏலம் நடந்தது. முடிவு விலை 21.5, ஈடு 78.5. காப்பு வாங்கியிருந்த பத்திரக்காரரின் கணக்கை இப்படிப் போடலாம். பழைய 100க்குக் கிடைத்த ஐரோப்பிய அமைப்பின் பத்திரம் 15. புதிய கிரேக்கப் பத்திரம் 31.5, அதன் சந்தை விலையை ஏல விலைக்கு அருகில் 22 என்று கொண்டால், மதிப்பு ஏறக்குறைய 7. ஆக 22. ஈட்டோடு சேர்த்தால் 100ஐ ஒட்டி வருகிறது.

பார்க்க எல்லாம் நன்றாக முடிந்ததுபோல் தெரியும். உண்மையில் இது தற்செயல். புதிய பத்திரங்களின் விலை நூற்றுக்கு 70 என்று இருந்திருந்தால், காப்பு 30தான் தந்திருக்கும். பத்திரக்காரருக்குப் பரிமாற்றத்தில் கிடைத்தது 15உம் 22உம் சேர்ந்து 37 மட்டுமே. மொத்தம் 67. நஷ்டத்தில் பெரும்பகுதி முகமதிப்பை வெட்டியதில் போயிருக்க, ஈட்டைத் தீர்மானிக்கும் விலையோ வெட்டியபின் எஞ்சிய பத்திரத்தின் விலை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2014இல் ஒப்பந்த வாசகம் திருத்தப்பட்டது. அரசுகளின் கடனிலும் வங்கிகளின் கடனிலும் இப்படிக் கட்டாய மாற்றம் நடந்தால், பழைய பத்திரத்துக்குப் பதிலாகக் கிடைத்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக ஏலத்துக்குக் கொண்டுவரலாம். கிரேக்கத்தின் கணக்கில் 31.5 புதிய பத்திரமும் 15 ஐரோப்பியப் பத்திரமும் சேர்ந்தே பழைய 100 என்று மதிக்கப்படும். மூட்டையின் விலை 37 என்றால் ஈடு 63.