மாறிலியை மாறவிட்டால் கணக்கு திறக்கும்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக் கணிதத் தாளை எழுதியவர்களுக்கு (D² + 1)y = sec x என்ற கணக்கு மறந்திருக்காது. வலப்பக்கம் sin 2x என்று இருந்தால், விடை எப்படி இருக்கும் என்று ஊகித்தே பிடித்துவிடலாம். sec x என்று வந்தால் அந்த ஊகம் பலிக்காது. அங்கேதான் ‘வேரியேஷன் ஆஃப் பராமீட்டர்ஸ்’ என்ற முறை வருகிறது. தமிழில் சொன்னால், மாறிலிகளை மாறவிடும் முறை.

வகுப்பில் இதை நடத்தும்போது நடுவில் ஒரு வரி வரும்: “இந்தக் கூட்டுத்தொகையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம்.” ஏன் அப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், கணக்கு சுலபமாகும் என்று பதில் வரும். அது பொய்யில்லை, ஆனால் பாதிப் பதில்தான். மீதிப் பாதி தெரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

சுருள்வில்லில் கட்டிய ஓர் எடையை எடுத்துக்கொள்வோம். நிறையும் வில்லின் விறைப்பும் 1 என்று அளவுகளைத் தேர்ந்துகொண்டால், வெளியிலிருந்து f(t) என்ற விசை தள்ளும்போது எடையின் இடப்பெயர்ச்சி y இந்தச் சமன்பாட்டின்படி நடக்கும்:

y'' + y = f(t)

வெளிவிசையே இல்லையென்றால் விடை எளிது: y = A cos t + B sin t. இதில் A, B இரண்டும் மாறிலிகள். தொடக்கத்தில் எடை எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தில் விடப்பட்டது என்ற இரண்டு செய்திகளும் இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடும். அதன்பின் எத்தனை முறை ஆடினாலும் A, B மாறுவதில்லை.

வெளிவிசை இருக்கும்போது முதலில் முயல்வது ஊக முறையைத்தான். f என்பது t² என்றால் அதன் வகைக்கெழுக்கள் 2t, 2, பிறகு பூஜ்யம். குடும்பம் மூன்று பேரோடு முடிந்துவிடுகிறது. விடையை at² + bt + c என்று வைத்து, a, b, c என்ன என்று கண்டுபிடித்தால் போதும். sin 2t என்றால் sin 2t, cos 2t என்று இரண்டே பேர். அடுக்குக்குறிச் சார்பு என்றால் ஒரே ஆள்.

sec t அப்படியில்லை. அதை ஒருமுறை வகையிட்டால் sec t tan t. இன்னொரு முறை வகையிட்டால் sec³ t உள்ளே வருகிறது. அதற்கடுத்து இன்னும் பெரிய அடுக்குகள். ஒவ்வொரு முறையும் புது உறுப்பினர் சேர்ந்துகொண்டே போவதால், எந்த எந்த உறுப்புகளை வைத்து ஊகிப்பது என்ற பட்டியலே முடிவதில்லை. tan t, 1/t, log t எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இனி, விசை எடையை என்ன செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தொடர்ந்து தள்ளும் விசையை அடுத்தடுத்து விழும் மிகச் சிறிய தட்டுகளாகப் பிரித்துக்கொள்வோம். t என்ற கணத்தில் Δt நேரத்துக்கு ஒரு தட்டு விழுகிறது. அந்த நொடிப்பொழுதில் எடையின் வேகம் f Δt அளவுக்கு மாறும். ஆனால் எடை இருக்கும் இடம் மாறாது. இடம் மாறுவதற்கு அந்த வேகத்தில் நகர நேரம் வேண்டுமே! தட்டு விழுந்த கையோடு விசை நின்றுவிட்டதாக நினைத்தால், எடை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கும். அதாவது மறுபடியும் A cos t + B sin t என்ற அதே வடிவம்தான், ஆனால் A, B இப்போது சற்றே வேறு எண்கள்.

இந்த இரண்டு உண்மைகளையும் அப்படியே எழுதினால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன. முதலாவது, இடம் மாறவில்லை என்பது. இரண்டாவது, வேகம் f Δt மாறியது என்பது.

ΔA cos t + ΔB sin t = 0
−ΔA sin t + ΔB cos t = f Δt

பாடப்புத்தகம் ‘பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம்’ என்று சொன்ன வரி இந்த முதல் சமன்பாடுதான். ஒரு தட்டு வேகத்தை மட்டுமே மாற்றும், இடத்தை மாற்றாது என்ற இயற்பியல் உண்மையை அது சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத் தீர்த்து, Δt-ஐ மிகச் சிறியதாக்கினால்:

A' = −f sin t
B' = f cos t

A, B இனி மாறிலிகள் அல்ல, காலத்தோடு மாறும் சார்புகள். அவற்றின் வகைக்கெழுக்கள் கையில் இருக்கின்றன. இரண்டு தொகையீடுகள் செய்தால் வேலை முடிந்தது. f எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

f = sec t என்று போட்டுப் பார்ப்போம். A' என்பது −sec t sin t, அதாவது −tan t. B' என்பது sec t cos t, அதாவது வெறும் 1. தொகையிட்டால் A = log(cos t), B = t. எனவே

y = cos t · log(cos t) + t sin t

இதோடு வெளிவிசையில்லாத ஆட்டத்தின் விடையைக் கூட்டினால் பொதுத் தீர்வு. t = 0 என்று போட்டால் y பூஜ்யம், வேகமும் பூஜ்யம். ஆகவே மேலே இருப்பது, அசையாமல் இருந்த எடை sec t விசையால் எப்படி நகரும் என்பதற்கான விடையேதான். t நெருங்கி நெருங்கி π/2-க்குப் போகும்போது விசை கட்டுக்கடங்காமல் வளர்கிறது. எடையின் வேகமும் எல்லையில்லாமல் ஏறுகிறது. ஆனால் இடப்பெயர்ச்சி π/2 என்ற அளவை, அதாவது ஏறத்தாழ 1.57-ஐ நோக்கியே போகிறது. இந்த விடை t = π/2 வரைக்கும்தான் செல்லும். அதைத் தாண்டி அதே சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் எடையின் கதையை அது சொல்லாது.

மாறாதது என்று நினைத்த எண்ணை மாறவிடும் இந்த யோசனை வில்லையும் எடையையும் பார்த்துப் பிறந்ததல்ல. அது வானத்திலிருந்து வந்தது. வியாழன் கணித்ததைவிட வேகமாகவும் சனி மெதுவாகவும் போவதாக அக்கால வானியலாளர்கள் கண்டிருந்தார்கள். சூரியன் மட்டும் இழுத்தால் ஒரு கோளின் பாதை மாறாத நீள்வட்டம். இன்னொரு கோளும் இழுக்கும்போது என்ன ஆகும்? பாரிஸ் அகாதமி 1748-ஆம் ஆண்டுப் பரிசுக்கு இந்தக் கேள்வியை வைத்தபோது பரிசு பெற்றவர் லியோனார்டு ஆய்லர். நீள்வட்டத்தை விட்டுவிடாமல், அதன் அளவையும் சாய்வையும் குறிக்கும் எண்களை மெல்ல மெல்ல மாறவிடும் வழி ஆய்லரின் இத்தகைய ஆய்வுகளில் உருவானது. ஒவ்வொரு கணத்திலும் கோளின் இடமும் வேகமும் அந்தக் கணத்து நீள்வட்டத்தோடு பொருந்தும். மேலே எடைக்குச் சொன்ன அதே நிபந்தனை. ஜோசப் லூயி லக்ராஞ்சு இந்த யோசனையைப் பொதுவாக்கி, 1770-களில் நேரியல் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான முறையாக வகுத்துக் கொடுத்தார்.

cos t, sin t என்ற இரண்டுக்குப் பதிலாக எந்த இரண்டாம் வரிசை நேரியல் சமன்பாட்டுக்கும் உரிய y₁, y₂ என்ற இரு தீர்வுகளை வைத்தாலும் கதை மாறாது. அப்போது y₁y₂' − y₂y₁' என்ற அளவு குறுக்கே வரும். இதற்கு ரான்ஸ்கியன் என்று பெயர். W என்று எழுதுவது வழக்கம். சூத்திரங்கள் A' = −y₂f/W, B' = y₁f/W என்று ஆகும். வில்–எடைக் கணக்கில் W = 1 என்பதால்தான் அது கண்ணில் படவில்லை.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இந்தச் சூத்திரத்தில் உள்ள f. y'' தனியாக, அதாவது குணகம் 1 ஆக நிற்கும்போது வலப்பக்கத்தில் இருப்பதுதான் f. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு:

x²y'' − 2y = x³

வெளிவிசை இல்லாதபோது இதன் இரு தீர்வுகள் x², 1/x. W = −3. சமன்பாட்டை x²-ஆல் வகுத்தால் வலப்பக்கம் x ஆகும்; f = x. சூத்திரத்தில் போட்டால் A' = 1/3, B' = −x³/3. எனவே A = x/3, B = −x⁴/12. விடை x³/3 − x³/12, அதாவது x³/4.

வகுக்க மறந்து f = x³ என்றே போட்டவருக்கு x⁵/18 என்ற விடை வரும். பார்வைக்கு அதுவும் ஒழுங்கான விடை போலவே இருக்கும், நடுவில் எந்தப் படியும் இடறாது. ஆனால் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் திரும்பப் போட்டுப் பார்த்தால் x³ வராது, x⁵ வரும். சரியான விடை x³/4-ஐப் போட்டால் 3x³/2 − x³/2 = x³ என்று கச்சிதமாக விழும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தேர்வு அறையிலும் இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போக வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. முதலில் y₁, y₂ தெரிந்திருக்க வேண்டும். குணகங்கள் மாறிலிகளாக இருந்தால் அவற்றை எளிதில் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் அதுவே பெரிய வேலையாகிவிடும். அடுத்து, தொகையீடு எப்போதும் கைக்குள் அடங்காது. y'' + y = 1/t என்ற எளிய தோற்றமுள்ள சமன்பாட்டில் (sin t)/t-ஐத் தொகையிட வேண்டிவரும். அதற்கு நமக்குப் பழக்கமான சார்புகளில் விடையே கிடையாது.

ஆனால் நடைமுறையில் இது முட்டுக்கட்டை இல்லை. தொகையீட்டை எண்களாகக் கூட்டிக்கொள்ளலாம். 1940 மே மாதம் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் நிலநடுக்கம் வந்தபோது தரையின் முடுக்கம் ஒரு கருவியில் பதிவானது. அந்தப் பதிவுக்கு எந்தச் சூத்திரமும் இல்லை. அது நெளிந்து நெளிந்து போகும் ஒரு கோடு. அப்படிப்பட்ட விசைக்கு ஒரு கட்டடம் எப்படி ஆடும் என்று கட்டமைப்புப் பொறியாளர்கள் கணக்கிடப் பயன்படும் தூஹாமெல் தொகையீடு என்பது மேலே பார்த்த A, B இரண்டையும் சேர்த்து எழுதிய வடிவமே. கட்டடத்தின் உராய்வுக்கு ஏற்ற ஒரு பெருக்கல் மட்டும் கூடுதலாகச் சேரும்.

வலப்பக்கம் பல்லுறுப்புக்கோவை, சைன், கோசைன், அடுக்குக்குறி என்று இருந்தால் பழைய ஊக முறையே வேகமானது. அங்கே லக்ராஞ்சை அழைப்பது வீண் உழைப்பு. sec, tan, 1/t, அல்லது கருவி தந்த அளவீடு என்று வந்தால் மாறிலிகளை மாறவிடுவதைத் தவிர நல்ல வழியில்லை.