சிவந்த கண்களும் ஒளிரும் பாவைகளும்

தீபாவளி இரவில், அடுக்குமாடி வீடு ஒன்றின் மொட்டைமாடியில் எடுக்கப்பட்ட குடும்பப் புகைப்படத்தைக் கருதுவோம். நடுவில் பாட்டி அமர்ந்திருக்கிறார். அவருக்கு அருகில் சிவப்புக் கரையிட்ட பட்டுச்சேலையும் குங்குமப் பொட்டுமாக அத்தை நிற்கிறார். முன்வரிசையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும் அவளுடைய நாயும் உள்ளனர். படத்தில் சிறுமியின் கண்கள் தணல்போல் சிவந்துள்ளன. அத்தையின் கண்களில் மங்கிய சிவப்புத் தெரிகிறது. பாட்டியின் கண்களோ இயல்பாக உள்ளன. நாயின் கண்கள் பச்சை விளக்குகளைப்போல் ஒளிர்கின்றன. ஒரே ஒளியில், ஒரே நொடியில் எடுத்த படத்தில் இத்தனை வேறுபாடு எவ்வாறு வந்தது?

கண்ணின் நடுவிலுள்ள கரிய வட்டத்தைப் பாவை என்கிறோம். பாவை என்றால் பொம்மை. ஒருவர் கண்ணை உற்று நோக்கினால், அதில் நம் உருவமே சிறு பொம்மையாகத் தெரிவதால் இப்பெயர் வந்தது என்பர். உண்மையில் பாவை என்பது ஒரு துளை. ஒளி அதன் வழியாகவே கண்ணுக்குள் செல்கிறது. வெளிச்சத்தில் அது சுருங்கும், இருளில் விரியும். இருளில் விரிந்திருக்கும் பாவைக்குள் கேமராவின் ஃபிளாஷ் ஒளி திடீரெனப் பாயும்போது, பாவை சுருங்குவதற்கு நேரம் கிடைப்பதில்லை. உள்ளே சென்ற ஒளி கண்ணின் பின்புறத்தில் பட்டுத் திரும்புகிறது. அங்கே இரத்த நாளங்கள் நிறைந்திருப்பதால் திரும்பும் ஒளி சிவப்பாக இருக்கும். ஃபிளாஷ் விளக்கு கேமராவின் வில்லையை ஒட்டி அமைந்திருந்தால், அவ்வொளி வந்த வழியே திரும்பி நேராக வில்லைக்குள் நுழைந்துவிடும். கண் சிவப்பாகப் பதிவதற்குக் காரணம் இதுவே.

சிறுவர்களின் பாவை இருளில் நன்கு விரியும். முதுமையில் பாவை அந்த அளவு விரிவதில்லை. பாட்டியின் கண்கள் தப்பியதற்கு இது ஒரு காரணம். அவர் கேமராவை நேராகப் பார்க்காமல் பேத்தியைப் பார்த்ததும் ஒரு காரணமாகலாம். நாய்க்கும் பூனைக்கும் பசுவுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் பார்ப்பதற்கு அது அவற்றுக்கு உதவுகிறது. மனிதருக்கு அப்படலம் இல்லை. ஆகவே நாயின் கண்ணில் தெரியும் பச்சை ஒளி, சிறுமியின் கண்ணில் தெரியும் சிவப்பு ஒளியிலிருந்து வேறானது. திருத்தும் முறையும் வேறாகவே இருக்க வேண்டும்.

முதலில் சிறுமியின் கண்ணைத் திருத்துவோம். பலர் செய்வதுபோல் சிவந்த வட்டத்தின்மேல் கருமையைப் பூசிவிடலாகாது. பூசினால், கண்ணில் விழும் சிறு வெண்ணிற ஒளிப்புள்ளியும் மறைந்துபோகும். அப்புள்ளி இல்லாத கண் உயிரற்ற பொத்தான்போல் தோன்றும்.

கணினியில் ஒரு படம் எண்ணற்ற படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் எவ்வளவு உள்ளன என்பது 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கப்படும். சிறுமியின் பாவையில் ஒரு புள்ளி சிவப்பு 190, பச்சை 40, நீலம் 50 என்று இருப்பதாகக் கொள்வோம். பச்சையும் நீலமும் ஏற்கெனவே குறைவாகவே உள்ளன. சிவப்பு ஒன்றே மிகுந்துள்ளது. எனவே சிவப்பை நீக்கி, மற்ற இரண்டின் சராசரியாகிய 45-ஐ அங்கு வைத்தால் போதும். 45, 40, 50 என்பது ஏறத்தாழக் கருமை நிறம். அதே கண்ணிலுள்ள ஒளிப்புள்ளி 255, 250, 246 என்று இருந்தால் என்ன ஆகும்? சிவப்பு 248 ஆகும். கண்ணுக்கு மாற்றமே தெரியாது. கருமை தானாக வருகிறது, ஒளிப்புள்ளியும் நிலைக்கிறது.

கிம்ப் என்னும் கட்டணமற்ற மென்பொருளிலுள்ள சிவப்புக்கண் நீக்கும் கருவி பெரும்பாலும் இம்முறையிலேயே செயல்படுகிறது. மூலப்படத்தைத் தொடாமல், அதன் நகல் ஒன்றைத் திறக்க வேண்டும். கண் திரையில் பெரிதாகத் தெரியும்வரை படத்தை உருப்பெருக்க வேண்டும். பின்னர் Ellipse Select கருவியால் பாவையைச் சுற்றி ஒரு வட்டம் வரைய வேண்டும். Feather edges என்பதையும் தெரிவு செய்துகொண்டால் வட்டத்தின் ஓரம் கத்தரித்ததுபோல் தெரியாது. அதன்பின் Filters, Enhance, Red Eye Removal என்ற வரிசையில் சென்று, Threshold என்னும் அளவை மெல்ல நகர்த்தி, சிவப்பு மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

வட்டம் வரையாமல் இக்கருவியை இயக்கினால் வேடிக்கையான விளைவு ஏற்படும். கருவிக்குக் கண் எது, குங்குமம் எது என்று தெரியாது. அத்தையின் பொட்டு கறுத்துவிடும்; சேலைக்கரை சாம்பல் நிறமாகும்; எல்லாருடைய உதடுகளும் வெளிறிவிடும். இரு கண்களையும் தனித்தனியே வட்டமிட்டுத் திருத்துவதே நன்று.

சில படங்களில் ஃபிளாஷ் ஒளி மிகுதியாகப் பட்டுப் பாவை இளஞ்சிவப்பாக வெளுத்திருக்கும். அங்கே எண்கள் 255, 180, 170 என்று இருந்தால் சராசரி 175 வரும். அது கருமையன்று, சாம்பல் நிறம். கண் புரை விழுந்ததுபோல் தோன்றும். அப்போது வட்டத்தை நீக்காமல், Colors என்பதன்கீழ் உள்ள Hue-Saturation பகுதியில் Lightness அளவைக் குறைத்துக் கருமையாக்க வேண்டும்.

நாயின் கண்ணுக்கு அக்கருவி பயன்படாது. அங்கே ஒரு புள்ளி சிவப்பு 150, பச்சை 230, நீலம் 120 என்று இருக்கலாம். சிவப்பு மிகுந்திராத இடத்தைக் கருவி தொடுவதில்லை. ஆகவே பாவையை வட்டமிட்டு, அதே Hue-Saturation பகுதியில் Saturation அளவை -100 வரை குறைத்தால் பச்சை நீங்கிச் சாம்பல் நிறம் வரும். Lightness அளவையும் குறைத்தால் கருமை வரும். ஒளிர்வில் ஒளிப்புள்ளி கரைந்து போயிருப்பதால் அதைத் தூரிகையால் நாமே இட வேண்டும். சிறுமியின் கண்ணில் அது பாவையின் எப்பக்கத்தில் உள்ளதோ, நாயின் இரு கண்களிலும் அதே பக்கத்தில் மிகச் சிறிதாக இட்டால் பொருந்தும். இடம் மாறினால், காண்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பிழை என்று தோன்றும். முடிவில் File, Export As வழியே புதிய பெயரில் படத்தைச் சேமிக்க வேண்டும்.

சிவப்பையும் பச்சையையும் கண்டோம். திருத்தக்கூடாத மூன்றாவது நிறம் ஒன்று உண்டு. சிறு குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவோ கருமையாகவோ இருக்க, மற்றொரு கண்ணின் பாவை வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ ஒளிர்ந்தால், அதன்மேல் கருமை பூசி மறைக்கலாகாது. குழந்தை சற்றுப் பக்கவாட்டில் பார்க்கும்போது, கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு சேரும் இடத்தில் ஒளி பட்டு வெண்மையாகத் திரும்புவதுண்டு, அது நோயன்று. ஆனால் கண்புரையும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் விழித்திரைப் புற்றும் இவ்வாறே தோன்றக்கூடும். வீட்டார் எடுத்த புகைப்படத்தின் வாயிலாகவே இப்புற்று முதலில் தெரியவந்த குழந்தைகள் உள்ளனர். எது எதுவென்று படத்தைக் கொண்டு நாம் கூற இயலாது; கண் மருத்துவரே கண்ணைச் சோதித்துக் கூறுவார். காலம் தாழ்த்தாமல் அக்குழந்தையை அவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அப்போது திருத்தப்படாத மூலப்படத்தையும், அதே குழந்தையின் முந்தைய படங்களையும் எடுத்த நாளுடன் காட்டினால், வெண்மை எப்போது தொடங்கியது என்பதை அவரால் அறிய முடியும்.