மூச்சை விட்டுவிட்டு மௌனத்தை வெட்டுவது

கல்லூரிக் கணக்கு வகுப்பு ஒன்றின் பதிவு. மேசைமேல் வைத்த செல்போன்தான் மைக். தலைக்கு மேலே மின்விசிறி. ஆசிரியர், "இதுக்கு அடுத்து என்ன வரும்?" என்று கேட்டுவிட்டு எட்டு வினாடி காத்திருக்கிறார். வகுப்பில் அது யாருக்கும் உறுத்தாது. வீட்டில் ஹெட்போனில் கேட்கிறவரோ பதிவு நின்றுபோனதோ என்று போனை எடுத்துப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் குறைக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் Audacity மென்பொருளில் Truncate Silence என்ற வசதி இருக்கிறது. பேச்சு எது, மௌனம் எது என்று அதற்குத் தெரியாது. ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, குறிப்பிட்ட நேரத்துக்குமேல் இருந்தால் அது மௌனம், அவ்வளவுதான் கணக்கு. அந்த அளவையும் நேரத்தையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அளவு. பதிவில் தாங்கக்கூடிய உச்ச ஒலி 0 டெசிபல். அதற்குக் குறைந்ததெல்லாம் கழித்தல் குறியோடு வரும். யாரும் பேசாத ஓரிடத்தை மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். நம் வகுப்பில் மின்விசிறி -46 வரை எட்டுகிறது, ஆசிரியர் மூச்சிழுக்கும் ஒலி -38, பேச்சு -12 என்று வைத்துக்கொள்வோம். எல்லையை -42இல் வைத்தால் விசிறி மௌனமாகிவிடும், மூச்சு ஒலியாகத் தப்பிக்கும். -20இல் வைத்தால் மூச்சோடு சேர்ந்து, தேய்ந்து முடியும் வாக்கியக் கடைசிகளும் மௌனக் கணக்கில் போய்விடும்.

அடுத்தது நேரம். தமிழில் இதற்குத் தனிக் கவனம் தேவை. 'பத்து', 'எட்டு' என்று சொல்லும்போது இரட்டித்த எழுத்தில் நாக்கு ஒட்டி நிற்கும் கணத்தில் வாயிலிருந்து ஒலியே வராது. வினாடியில் பத்தில் ஒரு பங்கோ, அதற்குச் சற்று மேலோ நீளும் இந்தக் கணமும் சொல்லின் பகுதிதான். நேரத்தை 0.1 வினாடி என்று கொடுத்தால் 'பத்து' இளைத்து 'பது' ஆகிவிடக்கூடும். 0.3க்குக் கீழே இறங்கவே வேண்டாம் என்பேன், பாடத்துக்கு 0.8 நல்ல தொடக்கம்.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். அகப்பட்ட மௌனங்களையெல்லாம் அரை வினாடிக்கு வெட்டச் சொல்லிவிடுகிறார்கள். Audacity மௌனத்தின் நடுப்பகுதியை எடுத்துவிட்டு இரு ஓரங்களையும் ஒட்டுகிறது. ஆக, அடுத்த சொல்லுக்கு முன்னால் மிஞ்சுவது கால் வினாடி. மூச்சிழுக்க அரை வினாடிவரை ஆகலாம். எல்லைக்குக் கீழே போன மூச்சு பாதியில் வெட்டுப்பட்டு, பேச்சாளர் திடுக்கிட்டு விக்கியதுபோல ஒலிக்கும். இன்னொரு குறை, நீண்ட இடைவெளிகளெல்லாம் ஒரே அச்சாகிவிடுவது. கேள்விக்குப் பின் வந்த காத்திருப்புக்கும் பக்கம் புரட்டிய தாமதத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

எனவே அதே பெட்டியில் இருக்கும் Compress Excess Silence என்ற வழியே மேல். குறித்த நேரத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை மட்டும் அது விகிதப்படி சுருக்கும். நேரம் 0.8, விகிதம் 30 சதவீதம் என்று கொடுப்போம். எட்டு வினாடிக் காத்திருப்பில் 0.8 அப்படியே நிற்கும், மீதி 7.2 வினாடி 2.16 ஆகும், மொத்தம் ஏறக்குறைய மூன்று வினாடி. இரண்டு வினாடித் தயக்கம் 1.16 ஆகும். அரை வினாடி மூச்சிடைவெளியைத் தொடவே தொடாது. பெரிய மௌனம் பெரியதாகவே இருக்கிறது; சொல்லுக்கு முன்னால் குறைந்தது 0.4 வினாடி மிஞ்சுவதால் மூச்சும் பெரும்பாலும் தப்பிக்கிறது.

வீடியோவென்றால் இது உதவாது. ஒலி மட்டும் குறைந்து, உதட்டசைவு பின்தங்கிவிடும். அங்கே படத்தையும் சேர்த்து வெட்டும் auto-editor கைகொடுக்கும்:

```
auto-editor paadam.mp4 --margin 0.4s,0.2s
```

பேச்சுக்கு முன்னால் 0.4 வினாடியும் பின்னால் 0.2 வினாடியும் விட்டுவை என்று பொருள். மூச்சு பேச்சுக்கு முன்னால் வருவது என்பதால் முன்னோரம் அகலம். ஆனால் இந்தக் கட்டளையில் விகிதச் சுருக்கம் இல்லை; நீண்ட இடைவெளிகளெல்லாம் 0.6 வினாடிக்கு வந்து நிற்கும்.

எந்த முறையானாலும் இரண்டு தொல்லைகள் மிஞ்சும். சில போன்கள் பேச்சு நின்றதும் தாமாகவே ஒலியளவைக் கூட்டும். விசிறி இரைச்சல் மெல்ல ஏறி எல்லையைத் தாண்டிவிட, நீண்ட மௌனங்கள் வெட்டுப்படாமல் கிடக்கும். பதிவு செய்யுமுன் அந்தத் தானியங்கி வசதியை அணைத்து வைக்கலாம். மற்றொன்று சாக்பீஸ். ஆசிரியர் வாய் திறக்காமல் அரை நிமிடம் பலகையில் எழுதினால், கணினிக்கு அது மௌனமே அல்ல. அந்த இடங்களைக் கையால்தான் வெட்ட வேண்டும்.