கடைசி வரி எந்த மொழியில்?

வாடகை வீட்டைக் காலி செய்யப்போகும் ஒரு பெண், செயற்கை நுண்ணறிவில் இயங்கும் உரையாடல் செயலி ஒன்றைக் கைப்பேசியில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நாள் முன்னதாக ஓனரிடம் சொல்ல வேண்டும் என்று தமிழில் கேட்கிறார். பதில் தமிழில் வருகிறது. அடுத்து, வாடகை ஒப்பந்தத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து அப்படியே ஒட்டுகிறார். முழுக்க ஆங்கிலம், ஏழெட்டு வரி. அதன் கீழே ‘இதுல என்ன சொல்லியிருக்காங்க?’ என்று ஒரே ஒரு வரி. பிறகு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. அதன் பிறகு அவசரத்தில் ஆங்கில எழுத்திலேயே தமிழ். கால் மணி நேரத்துக்குள் மூன்று விதமாக எழுதிவிட்டார். அவருக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியாது. நம்மில் பலர் நாள் முழுக்க இப்படித்தான் எழுதுகிறோம்.

எதிர்முனையில் இருக்கும் செயலிக்கு இதுவே பெரிய கேள்வி. எந்த மொழியில் பதில் சொல்வது? இத்தகைய செயலிகளை உருவாக்குபவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் விதி எளிமையானது: கடைசியாக வந்த செய்தி எந்த மொழியோ, அந்த மொழியில் பதில். முந்தைய பத்துச் செய்திகள் ஆங்கிலமாக இருக்கலாம். பதினோராவது தமிழில் வந்தால் பதிலும் தமிழில்தான் வர வேண்டும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. கைப்பேசியின் அமைப்பில் எந்த மொழி இருக்கிறதோ அதைப் பின்பற்றலாம். ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாதவரின் கைப்பேசியும் பல நேரம் வாங்கிய நாளிலிருந்து ஆங்கிலத்திலேயே இருக்கும். முதல் செய்தியின் மொழியை உரையாடல் முழுவதற்கும் நிலையாக்கலாம். ‘ஹலோ’ என்று தொடங்கிய ஒரே காரணத்துக்காக ஒருவர் கடைசிவரை ஆங்கிலத்தில் படிக்க வேண்டி வரும். எந்த மொழி அதிகம் வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். அப்படிச் செய்தால், மொழியை மாற்றியவர் தன் மாற்றம் கவனிக்கப்படுவதற்கே நாலைந்து செய்திகள் காத்திருக்க வேண்டும். மனிதர்கள் நேரில் பேசும்போது இப்படி யாரும் காத்திருப்பதில்லை. ஒருவர் பேச்சுக்கு ஏற்ப மற்றவர் தன் பேச்சை நகர்த்திக்கொள்வதை ஹோவர்ட் கைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1970களில் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். நம் ஊர் ஜவுளிக்கடையில் நின்று பார்த்தாலே அது தெரியும். வாடிக்கையாளர் இந்திக்கு மாறினால், கவுன்டரில் நிற்பவர் அடுத்த வாக்கியத்திலேயே தனக்குத் தெரிந்த இந்திக்கு மாறிவிடுவார்.

ஆக விதி சரியானது. சிக்கல், கடைசிச் செய்தி எந்த மொழி என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

தமிழ் எழுத்தில் எழுதினால் கண்டுபிடிப்பது சுலபம். கணினியில் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடில் 0B80 முதல் 0BFF வரையிலான 128 இடங்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டவை. அந்த வரிசைக்குள் எண்கள் வந்தால் அது தமிழ் எழுத்து, சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் நம் வாடகைதாரர் அடுத்து அனுப்பும் செய்தி இப்படி இருக்கிறது:

```
landlord advance refund pannala, legal notice send pannalama
```

எட்டுச் சொற்கள். அவற்றில் ஆறு ஆங்கிலம். எழுத்தும் ஆங்கிலம். சொற்களை எண்ணும் எந்த இயந்திரமும் இதை ஆங்கிலம் என்றே தீர்ப்புச் சொல்லும். தமிழ் தெரிந்த எவரும் இதைத் தமிழ் என்றுதான் சொல்வார். ஏன்?

கலப்புப் பேச்சை ஆராய்ந்த கேரல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இரண்டு மொழிகள் கலந்த வாக்கியத்தில் இரண்டும் சமமாக நிற்பதில்லை. ஒன்று சட்டகம் தருகிறது. மற்றது அதற்குள் வந்து உட்கார்கிறது. சொல் வரிசை, வினையின் முடிவு, வேற்றுமை உருபு போன்றவை எந்த மொழியிலிருந்து வருகின்றனவோ அதுவே சட்டகம். மேலே உள்ள வாக்கியத்தைப் பாருங்கள். ‘ரீஃபண்ட்’ ஆங்கிலம், பணம் வரவில்லை என்று மறுப்பது ‘பண்ணல’. ‘சென்ட்’ ஆங்கிலம், அனுமதியும் கேள்வியும் சேர்ந்து நிற்பது ‘பண்ணலாமா’ என்ற ஒரே சொல்லில். செயல் கடைசியில் வருகிறது, தமிழில் வருவது போலவே. ஆறு ஆங்கிலச் சொற்களையும் எடுத்துவிட்டு வேறு ஆறு சொற்களை வைத்தாலும் வாக்கியம் நிற்கும். இரண்டு தமிழ்ச் சொற்களை எடுத்துவிட்டால் அது வெறும் சொற்குவியல்.

ஆகவே இதற்குப் பதில் தமிழில்தான் வர வேண்டும். அதே நேரம் அவர் எழுதிய ‘அட்வான்ஸ்’, ‘லீகல் நோட்டீஸ்’ ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. ‘முன்பணம்’ என்றால் புரியும். ‘சட்ட அறிவிப்பு’ என்று பதில் வந்தால், தான் கேட்டதைத்தான் சொல்கிறதா என்று அவர் ஒரு நொடி தயங்குவார்.

மொழியைக் கண்டறிவதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. சில சேவைகள் செய்தியை முதலில் அவற்றின் வழியே அனுப்பிப் பார்க்கும். கூகுள் வெளியிட்ட CLD3 அப்படிப்பட்ட ஒன்று. ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தி, ரஷ்யன், ஜப்பானியம், சீனம், கிரேக்கம், பல்கேரியன் ஆகிய மொழிகளுக்கு அதில் தனி அடையாளம் உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழுக்கு இல்லை. அதாவது, ‘சாப்பிட்டாச்சா’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால், அது வேறு ஏதோ ஒரு மொழி என்று அந்த மென்பொருள் சொல்லக்கூடும். தமிழ் என்று அது சொல்லும் என எதிர்பார்க்க முடியாது. கோடிக்கணக்கானவர்கள் தினமும் எழுதும் ஒரு வடிவத்துக்கு இப்படியொரு விடுபடல் நேர்ந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட IndicLID இந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சி. இந்திய மொழிகளைச் சொந்த எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் அடையாளம் காண்பதற்காகவே அது உருவானது. தமிழும் அதில் உண்டு.

இன்றைய பெரிய மொழி மாதிரிகள் எல்லாவற்றுக்கும் இப்படித் தனிக் கருவி தேவைப்படுவதில்லை. அவை உரையாடலை மொத்தமாகப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்து, துண்டு துண்டாகப் பதிலைக் கட்டுகின்றன. அதனால் அவை செய்யும் தவறும் வேறு மாதிரியானது. தமிழ் புரியாததால் ஆங்கிலத்தில் பதில் சொல்வதில்லை. கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டே மொழியைத் தவறவிடுகின்றன. முன்னால் கிடக்கும் எல்லா எழுத்தும் கணிப்பை ஒரு பக்கமாக இழுக்கும். ஒட்டப்பட்ட ஒப்பந்தம் ஆங்கிலம். இணையத்தில் தேடி எடுத்த சட்டப் பக்கம் ஆங்கிலம். செயலியை உருவாக்கியவர்கள் பின்னணியில் எழுதிவைத்த கட்டளைகளும் பெரும்பாலும் ஆங்கிலம். இத்தனைக்கும் நடுவே ‘இதுல என்ன சொல்லியிருக்காங்க?’ என்ற ஒற்றைத் தமிழ் வரி. பதிலின் முதல் சொல் ஆங்கிலத்தில் விழுந்துவிட்டால், ஆங்கிலச் சொல்லுக்குப் பின் ஆங்கிலச் சொல்லே வரும் என்பதால் மீதியும் அதே வழியில் போய்விடும். பாதியில் தமிழுக்குத் திரும்புவது அரிது.

இங்கேதான் ‘கடைசிச் செய்தி’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஏழெட்டு ஆங்கில வரிகளும் கடைசிச் செய்திக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அவை அவர் பேசியவை அல்ல; யாரோ ஒரு வழக்கறிஞரோ ஆவண எழுத்தரோ தயாரித்தவை. அவர் பேசியது கீழே உள்ள ஒரு வரி மட்டுமே. கேட்பவரின் சொந்தக் குரல் எது, அவர் கொண்டுவந்து காட்டும் பொருள் எது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த விதி வேலை செய்யும். ஆங்கிலம் சரளமாக வராததால்தான் அந்தப் பத்தியை அவர் ஒட்டினார். அதற்கும் ஆங்கிலத்திலேயே விளக்கம் வந்தால் அவர் கேட்டதற்கே பொருளில்லை.

இதற்கு நேர்மாறாக, மொழியே இல்லாத செய்திகளும் உண்டு. ‘ஓகே’ என்று இரண்டு எழுத்து, ஒரு கட்டைவிரல் படம், வெறும் ‘12000’ என்ற தொகை. இவற்றை மொழி மாற்றமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் அட்வான்ஸ் தொகையை எண்ணில் தட்டியவுடன் பதில் ஆங்கிலத்துக்குத் தாவினால், அந்தச் செயலி விதியைக் கடைப்பிடிக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறது. இப்படிப்பட்ட செய்திக்கு முன்னால் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசிய மொழி எதுவோ, அதுவே தொடர வேண்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியவருக்கு எந்த எழுத்தில் பதில் தருவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் எழுத்தில்தான் தர வேண்டும், அதுதான் மொழிக்கு மரியாதை என்று சொல்பவர்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி எழுதுபவர் எல்லோரும் விசைப்பலகை சோம்பலால் எழுதுவதில்லை. மும்பையிலோ டொராண்டோவிலோ வளர்ந்து, தமிழை நன்றாகப் பேசி, எழுத்தைப் படிக்கத் தெரியாமல் போனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் நிச்சயம் படிக்கக்கூடியது என்று நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அவர்களே எழுதிய எழுத்து. அதனால் எழுத்தையும் பின்பற்றுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. பதில் நீளமாகும்போது ஆங்கில எழுத்தில் தமிழ் படிப்பது கண்ணுக்குச் சிரமம்தான். அப்போது தமிழ் எழுத்தில் வேண்டுமா என்று ஒரு வரி கேட்டுவிடலாம். கேட்காமல் மாற்றக் கூடாது.

நம் வாடகைதாரர் கடைசியாக, ஓனருக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி தமிழில் கேட்கிறார். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார். இங்கே இரண்டு மொழிகள் தேவை. கடிதம் ஆங்கிலத்தில், கடிதத்துக்கு மேலும் கீழும் அவரிடம் சொல்ல வேண்டியவை, அதாவது தேதியை எங்கே நிரப்புவது, எந்த வரியை விருப்பப்படி நீக்கலாம் என்பவையெல்லாம், தமிழில். சுமாராகச் செய்யப்பட்ட செயலிகள் கடிதம் ஆங்கிலம் என்றவுடன் அந்தக் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் தந்துவிடும். அதைவிட மோசம், அடுத்த தமிழ்க் கேள்விக்கும் ஆங்கிலத்திலேயே பதில் தொடர்வது. ஒரு செயலி இதில் தேறுகிறதா என்று பார்க்க விரும்புபவர்கள், ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டு, உடனே தமிழில் சின்னதாக இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலின் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

கடைசிச் செய்தி விதியை மீறக்கூடியது ஒன்று உண்டு: கேட்பவரின் வெளிப்படையான சொல். ‘நான் எதில் எழுதினாலும் தமிழில் பதில் சொல்லுங்கள்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்து வரும் ஆங்கிலச் செய்தி அந்த ஏற்பாட்டை ரத்து செய்யாது. அலுவலகக் கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாதவர், ஆங்கிலத்தில் தட்டித் தமிழில் படிக்க விரும்புவார். அவர் வேறு மாதிரி சொல்லும்வரை அது நிற்க வேண்டும், இடையில் எத்தனை ஆங்கிலச் செய்திகள் வந்தாலும்.