வாடகை வீட்டில் மராமத்துக்கு ஒரு கணக்கு, மேம்பாட்டுக்கு ஒரு கணக்கு

வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது, மராமத்துச் செலவைச் சட்டம் தனியாகக் கழிக்க விடுவதில்லை. ஆண்டு வாடகையிலிருந்து உரிமையாளர் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைத் தள்ளுபடியாகத் தருகிறது. செலவே செய்யாவிட்டாலும் அது கிடைக்கும். அதைவிட அதிகமாகச் செலவழித்தாலும் அவ்வளவுதான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமானவரிச் சட்டத்திலும் இந்த 30 சதவீதம் மாறவில்லை.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டி மாதம் 9,000 ரூபாய்க்கு விடப்பட்ட ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். ஆண்டு வாடகை 1,08,000. அந்த ஆண்டில் நகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி 4,000. மீதி 1,04,000, அதில் 30 சதவீதம் 31,200. வரிக்கு உட்படுவது 72,800. வெள்ளையடிக்கவும் ஒழுகும் தளத்தைப் பூசவும் 45,000 ஆகியிருந்தாலும் இந்த 72,800 குறையாது. சொத்து வரி, கட்டிய ஆண்டில்தான் கழியும்; பாக்கி வைத்தால் அந்த ஆண்டுக்குக் கிடையாது. கடன் வாங்கி வேலை பார்த்திருந்தால், வட்டியை மட்டும் தனியே கழிக்கலாம்.

அப்படியானால் மராமத்தையும் மேம்பாட்டையும் பிரித்து எழுதுவது எதற்கு? வீட்டை விற்கும் நாளுக்காக. அன்று மேம்பாட்டுச் செலவு மட்டும் வீட்டின் அடக்கவிலையோடு சேர்ந்து மூலதன ஆதாயத்தைக் குறைக்கும்; மராமத்து சேராது. 4,50,000 ரூபாயில் மாடியில் ஓர் அறை கட்டி, பின்னாளில் 12.5 சதவீத வரியில் விற்றால், அந்த ரசீதுகளால் மிச்சமாகும் வரி 56,250 ரூபாய். ரசீது இல்லையென்றால் இதைக் கேட்பது கடினம்.

இருந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் மராமத்து. இல்லாததைச் சேர்த்தால் மேம்பாடு. கடலூரின் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வது சகஜம். அதைக் கொத்திப் பூசுவது மராமத்து. 2011 டிசம்பரில் தானே புயல் தூக்கிய ஓடுகளை மாற்றியது மராமத்து. அதே சமயம் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டிருந்தால் மேம்பாடு. சிக்கல் பெரும்பாலும் கொத்தனார் ஒரே சீட்டில் எழுதித் தரும் மொத்தத் தொகையில்தான் இருக்கிறது. பூச்சு வேலையும் புது அறையும் ஒரே தொகையாக இருந்தால் பத்தாண்டு கழித்து யாராலும் பிரிக்க முடியாது. பணம் கொடுக்கும்போதே இரண்டு சீட்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. மேம்பாட்டுச் சீட்டுகளோடு வங்கிப் பரிமாற்றம், கட்டட அனுமதி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும்.

தவறுதலாக மராமத்துச் செலவைக் கழித்து ரிட்டர்ன் போட்டிருந்தால், கெடுவுக்குள் திருத்திய ரிட்டர்ன் தரலாம். கெடு கடந்தால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை, கூடுதல் வரியோடு புதுப்பித்த ரிட்டர்ன் உண்டு. அதில் வரியைக் குறைத்துக் காட்ட வழியில்லை.